பபிள் சார்ட்டும் மெர்ஜ் சார்ட்டும்: வேலை எங்கே மிச்சமாகிறது? (கேள்வி பதில்)

பபிள் சார்ட், மெர்ஜ் சார்ட் ரெண்டுமே கடைசியில் ஒரே வரிசையைத்தான் தருது, ரெண்டிலும் லூப்தான் ஓடுது. அப்புறம் ஒன்று மட்டும் எப்படி வேகம், அண்ணா?

எட்டு எண்களை ஒரு தாளில் எழுதிக் கையாலேயே செய்து பாருங்கள்.

```
7 3 8 1 6 2 5 4
```

இதில் முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்று தவறாக நிற்கும் ஜோடிகளை எண்ணினால் 17 வரும். 7-க்குப் பின்னால் அதைவிடச் சிறியவை ஆறு, 3-க்குப் பின்னால் இரண்டு, 8-க்குப் பின்னால் ஐந்து, இப்படியே போகும். வரிசைப்படுத்துவது என்றால் இந்த 17-ஐயும் பூஜ்யமாக்குவதுதான்.

பபிள் சார்ட் பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் பார்க்கும், தவறாக இருந்தால் இடம் மாற்றும். அப்படி ஒரு மாற்றம் செய்தால் சரியாவது அந்த ஒரே ஜோடிதான், அதனால் 17 மாற்றமும் நடந்தே தீரும். முதல் சுற்றில் 7 ஒப்பீடு, அடுத்ததில் 6, அப்புறம் 5, 4. நாலாவது சுற்றில் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் அது அதற்குத் தெரியாது, இன்னொரு சுற்று போய் 3 ஒப்பீடு செய்து பார்த்துத்தான் நிறுத்தும். மொத்தம் 25.

மெர்ஜ் சார்ட் எண்களைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும், பிறகு வரிசையான இரண்டு துண்டுகளின் முன்னால் நிற்கும் எண்களை ஒப்பிட்டுச் சிறியதை எடுத்து எடுத்துச் சேர்க்கும். இதில் முதலில் இரண்டிரண்டாகச் சரிசெய்ய 4 ஒப்பீடு, அவற்றை நான்கு நான்காகச் சேர்க்க 3-உம் 3-உம். இப்போது கையில் இருப்பது இது:

```
1 3 7 8   |   2 4 5 6
```

இந்தக் கடைசிச் சேர்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. 1-ஐ எடுத்த பிறகு 3-ஐயும் 2-ஐயும் ஒப்பிடுகிறோம், 2 சிறியது, அதை எடுக்கிறோம். இடது பாதி ஏற்கெனவே வரிசையில் இருப்பதால் 2 என்பது 7-ஐயும் 8-ஐயும் விடச் சிறியது என்று கேட்காமலே தெரிகிறது, ஆக ஒரே ஒப்பீட்டில் மூன்று தவறான ஜோடிகள் ஒழிந்தன. இந்தச் சேர்ப்பு முழுக்க 6 ஒப்பீடு, தீர்ந்த ஜோடிகள் 9. மொத்தம் 16 ஒப்பீட்டில் வேலை முடிந்தது.

25-க்கும் 16-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? இதுக்கா இவ்வளவு பேச்சு?

எட்டு எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லைதான். எண்ணிக்கையைக் கூட்டினால் தெரியும். 1,000 எண்களுக்கு பபிள் சார்ட் அதிகபட்சம் 4,99,500 ஒப்பீடு செய்யும், மெர்ஜ் சார்ட் எவ்வளவு மோசமான வரிசை கொடுத்தாலும் 8,977-ஐத் தாண்டாது. ஒரு லட்சம் எண்கள் என்றால் அங்கே கிட்டத்தட்ட 500 கோடி, இங்கே 16 லட்சத்துக்கும் கீழே. சூத்திரம் மனப்பாடம் ஆகவில்லை என்றாலும் பரவாயில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் பபிள் சார்ட்டின் வேலை நாலு மடங்காகும், மெர்ஜ் சார்ட்டின் வேலை இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகமாகும்.

சார், நான் ஒரு ஃப்ளாக் வச்சிருக்கேன், ஒரு சுற்றில் மாற்றமே நடக்கலைன்னா நின்னுடும். கிட்டத்தட்ட வரிசையா இருக்கிற டேட்டாவுக்கு அப்போ பபிள் சார்ட்தானே சிறந்தது?

பாதி சரி. முழுக்க வரிசையாக இருந்தால் 1,000 எண்களுக்கு 999 ஒப்பீட்டில் நின்றுவிடும், அங்கே சாதாரண மெர்ஜ் சார்ட்டை அது முந்தும். ஆனால் "கிட்டத்தட்ட" என்று சொன்னீர்களே, அதில்தான் சிக்கல். 2, 3, 4 என்று 1000 வரை சரியாக அடுக்கி, 1-ஐ மட்டும் கடைசியில் வைத்துப் பாருங்கள். இடம் தவறியது ஒரே ஒரு எண். ஆனால் ஒரு சுற்றுக்கு அந்த 1 இடது பக்கம் ஒரே ஒரு இடம்தான் நகரும், அதனால் 999 சுற்றும் ஓட வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டே இருப்பதால் உங்கள் ஃப்ளாக் ஒருமுறைகூட உதவிக்கு வராது. ஒப்பீடுகள் அதே 4,99,500. மாறாக 1000-ஐத் தூக்கி முன்னால் வைத்து மற்றதெல்லாம் வரிசையாக இருந்தால் இரண்டே சுற்றில் முடிந்துவிடும். பெரிய எண் வலது பக்கம் ஒரே ஓட்டமாக ஓடும், சிறியது இடது பக்கம் ஊர்ந்துதான் வரும்.

என் மெர்ஜ் சார்ட் பைதானில் இருக்கு. 5 லட்சம் எண்ணை 10 லட்சமாக்கினா நேரம் நாலு மடங்கு பக்கம் போகுது. நீங்க சொன்ன ரெண்டு மடங்கு எங்கே? சேர்க்கிற இடம் இது:

```python
while left and right:
    if left[0] <= right[0]:
        out.append(left.pop(0))
    else:
        out.append(right.pop(0))
```

நாலு மடங்கு என்று நீங்கள் சொன்னதுமே `pop(0)` மேல்தான் சந்தேகம் வந்தது. பைதான் லிஸ்ட்டில் முதல் உறுப்பை எடுத்தால் மீதி எல்லாம் ஒவ்வொரு இடம் முன்னால் நகர வேண்டும். இரண்டரை லட்சம் உறுப்புள்ள பாதியில் ஒன்றை எடுப்பதற்கே அவ்வளவும் நகர்கிறது. ஒப்பீடுகளை எண்ணிப் பார்த்தால் குறைவாகவே இருக்கும், அதனால்தான் தவறு கண்ணில் படவில்லை. எதையும் நீக்காமல் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் நகர்த்துங்கள்:

```python
i = j = 0
while i < len(left) and j < len(right):
    if left[i] <= right[j]:
        out.append(left[i]); i += 1
    else:
        out.append(right[j]); j += 1
out += left[i:] + right[j:]
```

மாற்றிய பிறகும் அதே இரட்டிப்புச் சோதனையைச் செய்யுங்கள். ஃபங்ஷனுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

மெர்ஜ் சார்ட் தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டே இருக்கே. 1,000 எண்ணுக்கு ஸ்டாக் நிரம்பி வழியாதா? நீங்க அதைப் பத்தி ஒன்னுமே சொல்லல.

கேள்வி வேலையின் அளவைப் பற்றி என்பதால் அதைத் தொடவில்லை. மொத்த அழைப்புகள் 1,999 வரும், ஆனால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் பாதியாவதால் பத்துப் பிரிப்பில் ஒற்றை எண்ணுக்கு வந்துவிடும், அதனால் ஸ்டாக் ஆழம் பயப்படும் அளவு இல்லை. உண்மையில் கூடுதலாகக் கொடுக்கும் விலை வேறு: சேர்ப்பதற்கு இன்னொரு அரே வேண்டும், கடைசிச் சேர்ப்பில் அது முழு நீளத்துக்கு வரும். பபிள் சார்ட்டுக்கு அது தேவையில்லை.

அப்போ சின்ன லிஸ்ட்டுக்கு பபிள், பெரிசுக்கு மெர்ஜ்னு வச்சுக்கலாமா? எத்தனைக்கு மேல மாத்தணும்?

சின்னதுக்கு வேறொன்றை வையுங்கள், இன்செர்ஷன் சார்ட். ஒவ்வொரு எண்ணாக எடுத்து, முன்னால் ஏற்கெனவே அடுக்கியதில் அதற்குரிய இடத்தில் செருகும். அதே அளவு எளிமை, வேலை பொதுவாகக் குறைவு. பைதானின் `list.sort()`-க்காக 2002-இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சார்ட் இப்படித்தான் செய்தது, சின்னத் துண்டுகளை இன்செர்ஷன் சார்ட்டால் அடுக்கி, அப்புறம் மெர்ஜ் செய்யும். எந்த எண்ணில் மாற்றுவது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. மொழி, கணினி, ஒரு ஒப்பீட்டுக்கு ஆகும் செலவு எல்லாம் சேர்ந்து அதை மாற்றும்.

நான் பாடம் எடுக்கிறவள். பபிள் சார்ட்டைப் பாடத்திலிருந்தே தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை, மேடம். ஒரு மாற்றத்துக்கு ஒரு ஜோடி என்பதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் ஒரே ஒப்பீட்டில் மூன்று ஜோடி தீர்வது ஆச்சரியமாகத் தெரியும். ஆனால் அதை முதல் வகுப்பில் காட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டால், உங்கள் கட்சிக்கு நானும் வந்துவிடுவேன்.