இரண்டாவது சலூன்: மாதத்துக்கு எத்தனை தலை?

மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில் பெண்கள் சலூன் நடத்துகிறேன். காத்ர் போர்னில் கிளை திறக்கலாமா என்று பார்க்கிறேன். வாடகை 32,000, இருவர் சம்பளம் 48,000, மின்சாரம், போன், காப்பீடு 6,000. மொத்தம் 86,000 ரூபாய். சராசரி பில் 700. அப்படியென்றால் மாதம் 123 பேர் வந்தால் கையைக் கடிக்காது, இல்லையா?

கடிக்கும். 700 முழுவதும் உங்கள் கைக்கு வருவதில்லை. நீங்கள் அனுப்பிய விவரப்படி ஒருவருக்குச் சாயமும் ஷாம்புவும் 110, கமிஷன் 70, துண்டு துவைக்க 20. வாடகைக்கும் சம்பளத்துக்கும் மிஞ்சுவது 500தான்.

அந்த 110கூட எனக்குச் சந்தேகம். தோள்வரை முடி உள்ளவருக்கும் ஒரு குழாய்ச் சாயம் முழுவதையும் பிழிந்து, பாதிக் கிண்ணத்தைக் கழுவி ஊற்றுகிற ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். மாதத் தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்து, வந்த தலைகளால் வகுத்துப் பாருங்கள்.

செலவிலும் இரண்டு விடுபட்டிருக்கின்றன. மொரீஷியஸ் சட்டப்படி டிசம்பரில் தரவேண்டிய ஆண்டிறுதி போனஸ், ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மாதத்துக்கு 4,000 ஒதுக்கவேண்டும். நாற்காலி, கண்ணாடி, குழாய் வேலைக்கு 6 லட்சம் என்கிறீர்கள். ஐந்து ஆண்டுகளில் பிரித்தால் மாதம் 10,000. ஆகச் செலவு 1,00,000. அதை 500ஆல் வகுத்தால் 200 பேர். 25 நாள் திறந்தால் நாளைக்கு எட்டுப் பேர்.

பழைய வாடிக்கையாளர் சிலர் காத்ர் போர்ன்காரர்கள். அவர்கள் புதுக்கடைக்கு வருவது நல்லதுதானே?

அவர்களுக்கு நல்லது. உங்களுக்கு அது இடக்கைப் பணம் வலக்கைக்கு மாறுவதுதான்; ரோஸ் ஹில்லில் அதே 500 குறையும். 40 பேர் இடம் மாறினால், புதிய கிளையில் 240 பேர் உட்கார்ந்தால்தான் 200 புதிய தலைகள். முன்பதிவுப் புத்தகத்தில் வாடிக்கையாளரின் ஊரைக் குறித்துவந்தால் இந்த எண் முன்கூட்டியே தெரியும்.

வாட் பதிவு செய்தால் கணக்கு மாறுமா?

மாறும். பதிவு தேவையா என்று பார்க்கும்போது, ஒரே பெயரில் நடக்கும் இரு கடைகளின் விற்பனையும் சேர்த்தே பார்க்கப்படும். விலையை ஏற்றாமல் 15 சதவீத வாட் கட்டினால் 700இல் ஏறத்தாழ 91 ரூபாய் போகும். 500 என்பது 409 ஆகி, 200 பேர் 245 ஆவார்கள். நீங்கள் வாங்கும் பொருளில் கட்டிய வாட்டைக் கழித்துக்கொண்டால் சற்றுக் குறையும்.

முதல் ஆறு மாதம் நானே அங்கே நிற்கப்போகிறேன். என் உழைப்புக்குச் செலவில்லையே?

ரோஸ் ஹில்லில் உங்கள் கத்தரிக்கோலை யார் பிடிப்பார்கள்? 22,000 சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால் போனஸோடு மாதம் 23,833. அதற்கே இன்னும் 48 பேர் வேண்டும். இடம் மாறும் 40 பேரையும் சேர்த்தால், வாட் இல்லாமலே 288 ஆகிவிட்டது, நாளைக்குப் பன்னிரண்டு. உங்களைச் சேர்க்காமல் ஊழியர் இருவர் எட்டு மணி நேரம், தலைக்கு ஒரு மணி நேரம் என்றால் அதிகபட்சம் பதினாறுதான். சனிக்கிழமை வரிசை நிற்கும், செவ்வாய்க்கிழமை நாற்காலி காலியாக இருக்கும். செவ்வாயில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை ரோஸ் ஹில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். டிசம்பர் பக்கங்களைத் திறக்காதீர்கள்.