பெய்ரூத் தம்பதிக்கு ஒரு தொழுகை விரிப்பு

கேள்வி: புதுச்சேரியில் நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறேன். சென்ற மாதம் பெய்ரூத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அரபுக்காரர்கள் ஆயிற்றே என்று அறையில் தொழுகை விரிப்பு வைத்து, தொழும்போது நோக்கும் கிப்லா திசைக்கு அம்புக்குறி ஒட்டி, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு ஆட்டோவும் சொல்லிவைத்தேன். பேச்சுக்குப் பேச்சு ‘இன்ஷா அல்லா’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஞாயிறு காலை, சம்பா கோவில் என்ற கத்தோலிக்கத் தேவாலயத்தில் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்! அடுத்த வாரம் வந்த ஈரானியரிடம் ‘உங்கள் அரபு எழுத்து அழகாக இருக்கிறது’ என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. இனம், மதம், ஊர் மூன்றையும் எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: விரிப்பு வைத்ததில் தவறில்லை அம்மா. ‘ஆயிற்றே’ என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஊர் லெபனான், ஆகவே அரபு. அரபு, ஆகவே முஸ்லிம் என்று மனம் இரண்டு படிகளை ஒரே எட்டில் தாண்டிவிட்டது. முதல் படி பெரும்பாலும் தாங்கும். இரண்டாவது படி லெபனானில் தாங்கவே தாங்காது. அந்த நாட்டில் குடியரசுத் தலைவர் மரோனைட் கத்தோலிக்கராகவும், பிரதமர் சுன்னி முஸ்லிமாகவும், நாடாளுமன்றத் தலைவர் ஷியா முஸ்லிமாகவும் இருக்க வேண்டும் என்பது 1943 முதல் இருந்துவரும் மரபு. ஒரே நாடு, பெரும்பாலும் ஒரே தாய்மொழி, மதம் மட்டும் பல.

அரபு என்பது முதன்மையாக மொழி வழி வந்த அடையாளம். வீட்டில் அரபு பேசி, தன்னை அரபு என்று எண்ணிக்கொள்பவர் அரபுக்காரர். இதில் இரத்தப் பரிசோதனை கிடையாது, மதப் பரிசோதனையும் கிடையாது. இஸ்லாம் மதம், யாரும் அதில் சேரலாம். உலக முஸ்லிம்களில் அரபு மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம் ஆகிய நான்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்களே அரபு நாடுகள் எல்லாவற்றின் மக்களையும்விட அதிகம். இந்த நான்கில் ஒன்றுகூட அரபு நாடு இல்லை. ஊர்க்கணக்கோ மூன்றாவது சங்கதி. மேற்காசியாவில் இருக்கும் துருக்கியும் ஈரானும் அரபு நாடுகள் அல்ல; ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் மொரோக்கோ அரபு நாடு.

உங்களைக் குழப்பியது ‘அல்லா’ என்ற சொல் என்று நினைக்கிறேன். அரபு மொழியில் கடவுளுக்கு அதுதான் சொல். அரபு கிறிஸ்தவரின் பைபிளிலும் அல்லா என்றே இருக்கும். பூசையில் பாதிரியாரும் அப்படியே சொல்வார். கத்தோலிக்க நாடான மால்ட்டாவின் மொழி அரபியிலிருந்து பிறந்தது. அங்கும் தேவாலயத்தில் ‘அல்லா’தான். இதை வியப்பாக நினைக்க வேண்டாம். நம் ‘ஆண்டவர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழநி ஆண்டவர், நாகூர் ஆண்டவர், ஆண்டவராகிய இயேசு. ‘ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்’ என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னால் அவர் எந்த மதம் என்று உங்களால் சொல்ல முடியுமா? ‘கடவுள் நாடினால்’ என்று பொருள்படும் இன்ஷா அல்லாவும் அப்படித்தான்.

ஈரானியர் விஷயம் வேறு மாதிரியானது. அவர் முஸ்லிமாகவே இருக்கலாம். முகம் சுளித்தது மொழியை மாற்றிச் சொன்னதால். அவருடைய மொழியான பாரசீகம் அரபு எழுத்தில் எழுதப்படுகிறதே தவிர, அது வேறு மொழிக் குடும்பம். சமஸ்கிருதத்துக்குத்தான் அது உறவு. அரபியில் ‘ப’ ஒலி கிடையாது. அதனால் பாரசீகத்தார் ப உட்பட நான்கு ஒலிகளுக்குத் தனி எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பார்சி என்ற அவர்கள் மொழியின் பெயரே அரபு நாவில் ஃபார்சி ஆகிவிட்டது. இந்தி விளம்பரத்தைக் காட்டி ‘உங்கள் தமிழ் எழுத்து அழகு’ என்று ஒரு வெளிநாட்டுக்காரர் நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அடுத்த ஈரானியர் வந்தால், நன்றிக்கு அவர்கள் பிரெஞ்சுச் சொல்லான ‘மெர்சி’ என்றும் சொல்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள். புதுச்சேரிக்காரருக்கு அதற்குமேல் வேறென்ன அறிமுகம் வேண்டும்!

எழுத்தைப் பார்த்து ஏமாறியது நீங்கள் மட்டும் அல்ல. கடலூரில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், பறங்கிப்பேட்டையில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பழைய நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். வலமிருந்து இடமாக, நெருக்கமான அரபு எழுத்து. ‘அரபு வேத நூல், காலம் தெரியவில்லை’ என்று சீட்டு எழுதி, கல்லூரிக் கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைத்தேன். பார்க்க வந்த அந்த வீட்டுப் பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார்: ‘வெந்தயம் ஒரு கை, ஓமம் ஒரு கை, பூண்டு பத்துப் பல்.’ பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியத்தின் பக்குவம் அது. நோட்டு முழுவதும் தமிழ்! அதைத்தான் அரபுத்தமிழ் என்பார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையிலும், பாரசீகத்தில் செய்தது போலவே, ப, ட, ங போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து எழுத்துகளை உண்டாக்கியிருக்கிறார்கள். சீட்டை மாற்றி எழுதினேன். பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதற்கு அந்த ஊரின் பெயரே விடை சொல்லும். ஃபிராங்க் என்பது ஐரோப்பாவில் ஒரே ஒரு இனக்குழு. பிரான்ஸுக்குப் பெயர் கொடுத்தவர்கள். அரபு மக்கள் மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர் எல்லாரையும் அந்த ஒரு பெயராலேயே அழைத்தார்கள். அது பாரசீகம் வழியாகவும் வணிகர் வாய் வழியாகவும் இங்கு வந்து ‘பறங்கி’ ஆனது. பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். அவர்களில் யாரும் ஃபிராங்க் அல்ல, ஆனாலும் அவர்கள் குடியிருந்த இடம் பறங்கிப்பேட்டை. இனப்பெயர் மதப்பெயராகி, மதப்பெயர் திசைப்பெயராகி, கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்குப் பறங்கிக்காய் என்றும் பெயர் வந்துவிட்டது.

நாமும் அதையே திருப்பிச் செய்தோம். அரிக்கமேட்டில் மது ஜாடிகளை இறக்கிய காலத்தில் மேற்கிலிருந்து கப்பலில் வந்தவர்கள் நமக்கு யவனர். இயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயர் அது. பின்னால் அதே கடல் வழியே அரபு வணிகர் வந்தபோது அந்தச் சொல்லே அவர்களுக்கும் நீண்டது. சோனகர் என்ற பெயர் அதன் திரிபு என்பது அறிஞர் கருத்து. பிறகு அது தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் ஆனது. இலங்கையில் இன்றும் அரசுப் பதிவில் சோனகர் என்றே இருக்கிறது. துருக்கர் என்ற இனப்பெயர் துலுக்கர் ஆகி, துருக்கியையே கண்டிராத தமிழ் முஸ்லிமின் தலையில் விழுந்தது. (அது இன்று புண்படுத்தும் சொல், விடுதியில் யாரும் பேச்சுவாக்கில் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துலுக்கச் சாமந்தி என்று நாம் சொல்லும் பூவோ மெக்சிகோவிலிருந்து வந்தது!) ஒரு சமூகத்தை நாம் ஒரு வாசல் வழியாகத்தான் முதலில் பார்க்கிறோம். அந்த வாசலில் நின்றவரின் பெயரையே உள்ளே இருக்கும் எல்லாருக்கும் வைத்துவிடுகிறோம். இஸ்லாத்தின் வேதமும் தொழுகையும் அரபு மொழியில் இருப்பதாலும், முஸ்லிம்கள் பல நாடுகளிலும் பெரும்பாலும் அரபுப் பெயர் வைத்துக்கொள்வதாலும் இந்தப் பெயர்மாற்றம் இன்னும் சுலபமாக நடக்கிறது.

ஆனால் வேத மொழி ஒன்றாக இருந்தாலும் வீட்டுச் சொல் ஒன்றாக இருக்காது. நம் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தமிழில் சொல்வார்கள். உருது பேசுபவர் நமாஸ், ரோஸா என்பார். இரண்டும் பாரசீகச் சொற்கள். இந்தோனேசிய முஸ்லிம் நோன்பை ‘புவாசா’ என்பார். அது நம் உபவாசம்தான். அரபுக்காரர் சலாத், சவ்ம் என்பார்.

சரி, அடுத்த முறை என்ன செய்வது? பாஸ்போர்ட்டை நம்பலாம், ஆனால் அது சொல்வதை மட்டும். வெளிநாட்டு விருந்தினருக்காக நீங்கள் அனுப்பும் சி படிவத்தில் நிரப்புவது குடியுரிமை. அது இனமும் அல்ல, மதமும் அல்ல. லெபனான் பாஸ்போர்ட்டில் பெயர் ‘யான்’ என்று முடிந்தால் அவர் ஆர்மீனியராக இருக்கக்கூடும். வீட்டில் ஆர்மீனிய மொழி, மதம் கிறிஸ்தவம், அரபு என்று அவரை அழைத்தால் ஒப்பமாட்டார். காரைக்காலில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரைப் பாருங்கள். 1962 இல் தம் தந்தை விரும்பி எடுத்த பிரெஞ்சுக் குடியுரிமை அவருக்கும் இருக்கிறது. பெயர் அரபு, மதம் இஸ்லாம், திட்டுவதும் கொஞ்சுவதும் தமிழில். பாரிஸ் விடுதியில் அவரை வரவேற்பவர் எந்த அறையைத் தயார் செய்வார்?

பெயரும் அரைகுறைச் சாட்சிதான். புத்ரூஸ், ஜிர்ஜிஸ் என்றால் கிறிஸ்தவர் என்று ஓரளவு சொல்லலாம். பேதுருவும் ஜார்ஜும்தான் அவை. முகம்மது என்றால் முஸ்லிம் குடும்பம். சலீம், நபீல், கலீல் என்றால் இரண்டு பக்கமும் இருக்கும்.

ஆகவே ஊகித்துப் பிரிக்கும் வேலையை விட்டுவிடுங்கள். விடுதி நடத்துபவருக்கு வந்தவரின் இனம் தேவையில்லை; சாப்பாடும் நேரமும் இடமும்தான் தேவை. முன்பதிவு உறுதியானதும் எல்லா விருந்தினருக்கும், அமெரிக்கர் ஆனாலும் ஆந்திரர் ஆனாலும், ஒரே கேள்வியை அனுப்புங்கள்: ‘உணவில் நீங்கள் தவிர்ப்பது ஏதாவது உண்டா? வழிபாட்டுக்கு இடமோ வண்டியோ வேண்டுமா?’ எகிப்தியர் ஒருவர் இறைச்சியும் பாலும் வேண்டாம் என்று பதில் எழுதினால் ரமலான் என்று நினைத்து இஃப்தாருக்கு ஏற்பாடு செய்யாதீர்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் அப்படி விரதம் இருப்பார்கள். அவருக்கு நம் இட்லி சாம்பார் போதும், நெய் மட்டும் ஊற்ற வேண்டாம்.

சுவரில் ஒட்டிய அம்புக்குறியைக் கிழிக்காதீர்கள். மேசை இழுப்பறைக்குள் ஒட்டிவிடுங்கள். வேண்டியவர் திறந்து பார்த்துக்கொள்வார். விரிப்பு அலமாரியில் இருக்கட்டும், பக்கத்தில் தேவாலயப் பூசை நேரமும் கோவில் நடை திறக்கும் நேரமும் எழுதிய சீட்டுடன்.