டாக்டர் பார்க்கும்வரை இதழ் காத்திருக்க வேண்டுமா? கேள்வி பதில்

மார்த்தாண்டம், மாத இதழ் நடத்துபவர்: அக்கா, தேன் பற்றிய கட்டுரையை டாக்டரிடம் கொடுத்து மூணு வாரம் ஆகிறது. அவர் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். என்ன செய்ய?

முழுக் கட்டுரையையும் கொடுத்ததுதான் சிக்கல். அதில் பாதி தேன்பெட்டி, ரப்பர் தோட்டம், விலை. ஓ.பி. முடித்துக் களைத்து வரும் டாக்டர் அதற்குள் தன் பங்கு எது என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். தேட வேண்டிய வேலை நம்முடையது. உடல்நலம் பற்றிச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் பிரித்தெடுத்து, எண் போட்டு, எங்கிருந்து எடுத்தோம் என்று பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

நீங்கள் எனக்கு அனுப்பிய கட்டுரையில் அப்படி ஐந்து தேறியது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், உறைந்ததால் அது கலப்படம் ஆகிவிடாது என்பது முதலாவது. இதை டாக்டரிடம் கேட்கவே வேண்டாம். தேனீ வளர்ப்பில் பழக்கமுள்ள ஒருவரிடம் போனில் கேட்டாலே, ரப்பர் தேனில் குளுக்கோஸ் அதிகம், அதனால்தான் உறைகிறது என்று சொல்லிவிடுவார். உங்கள் ஊரில் அப்படிப்பட்டவருக்குப் பஞ்சமில்லை.

அடுத்த மூன்றும் டாக்டருக்கு. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுவது நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், கைக்குழந்தையின் குடல் அதைத் தாங்காது. அதனால் அந்த வரியை நீக்கினால் மட்டும் போதாது. சேனை வைக்கும் வழக்கம் உள்ள நம் வட்டாரத்தில் ‘கொடுக்காதீர்கள்’ என்று மாற்றி எழுத வேண்டும், அந்த வாசகத்தை டாக்டர் பார்க்க வேண்டும். இரவு இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் என்பது ஒரு வயதுக்கு மேல் என்ற வரம்போடு நிற்கும். சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது நிற்காது. தேனும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

ஐந்தாவதுதான் வக்கீலுக்கு. ‘இந்தத் தேன் சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்ற வரிக்குக் கீழே விற்பவரின் போன் நம்பர் இருக்கிறது. சில நோய்களைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் உண்டு. நோயைக் குணமாக்கும் என்று சொன்ன பிறகு ‘இது உணவுதானே’ என்று தப்பிப்பதும் கடினம். விற்பவர் பணம் கொடுத்திருந்தால் ‘கட்டுரை’ என்று பெயர் வைத்தாலும் அது விளம்பரம்தான்.

டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று வைத்தால் அங்கேயே ஒரு வாரம் போய்விடும். டாக்டர் ஒவ்வொரு வரிக்கும் ‘சரி’, ‘மாற்று’, ‘நீக்கு’ என்று சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினாலும் பரவாயில்லை, நீங்கள் தட்டச்சு செய்து திருப்பி அனுப்பி எழுத்தில் ஒரு ‘சரி’ வாங்கிக்கொள்ளுங்கள். புதன் மதியத்துக்குள் பதில் வரவில்லையா? அந்த வரிகளை எடுத்துவிட்டுப் பாருங்கள். தேன்பெட்டியும் ரப்பர் தேனும் மட்டுமே ஒரு நல்ல கட்டுரையாக நிற்கும், அது வெள்ளிக்கிழமை போகட்டும். மருத்துவப் பகுதி அடுத்த இதழில் வரலாம். வரிகளை எடுத்ததும் கட்டுரையே சரிந்துவிடுகிறது என்றால், கையிருப்பில் உள்ள வேறு கட்டுரையைப் போட வேண்டியதுதான். அதற்காகவே இரண்டு மூன்று கட்டுரைகளைப் பார்வை முடித்துத் தயாராக வைத்திருப்பேன்.

தக்கலை, செய்தி மடல் தயாரிப்பவர்: இவ்வளவு எதற்கு? ‘இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புதலாக எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதி அனுப்புகிறோம். கடைசியில் ‘மருத்துவரை அணுகவும்’ என்று ஒரு வரி. இதுவரை பிரச்சினை வந்ததில்லை.

கெடு வைப்பது சரி, அது இல்லாமல் எதுவும் நகராது. தப்பாகப் போனாலும் யாருக்கும் தீங்கு வராத விஷயங்களில் மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதிலும் தவறில்லை. தேன் எந்த மாதம் கிடைக்கும் என்பது அந்த வகை. மருந்தளவு, குழந்தை, கர்ப்பம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவது, இவற்றில் மட்டும் பதில் வராத வரி அச்சுக்குப் போகக் கூடாது. டாக்டர் மெசேஜைப் பார்க்கவே இல்லை என்பதுதான் மௌனத்துக்குப் பெரும்பாலும் காரணம். அப்புறம், கடைசி வரி நல்ல கட்டுரைக்குத் துணை நிற்கும். மேலே ‘குணமாகும்’ என்று எழுதியதைக் கீழே உள்ள வரி அழித்துவிடாது. பாட்டி மேலே உள்ளதைத்தான் படிப்பார்.

குலசேகரம்: எங்கள் சித்தப்பா வர்ம எண்ணெய் காய்ச்சி விற்கிறார், மூட்டுவலிக்கு நல்ல பலன். நீங்கள் பார்த்து ஒப்புதல் தர முடியுமா அக்கா?

எண்ணெய்க்கு ஒப்புதல் தரும் இடம் நான் இல்லை தம்பி. மருந்தாக விற்கச் சித்த மருந்து தயாரிப்பு உரிமம் வேண்டும், அது தனி வழி. ஆனால் உங்கள் கேள்வி இங்கே உதவுகிறது. வர்மம் பற்றி எழுதும்போது சித்தப்பாவைப் பேட்டி எடுக்கலாம். அவர் அனுபவத்தை அவர் பெயரிலேயே போடலாம். சரிபார்ப்பவராக மட்டும் அவரை வைக்க முடியாது, விற்பனை அவருடையது. எண்ணெயோடு சம்பந்தமில்லாத, பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவரைத் தேடுங்கள்.

நாகர்கோவில், நீதிமன்றச் செய்தி எழுதுபவர்: போக்சோ வழக்குச் செய்திக்கெல்லாம் வக்கீலைக் கேட்டுக் காத்திருந்தால் செய்தி பழசாகிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டாம். சட்டம் தெளிவாகக் கோடு போட்டிருக்கும் இடத்தில், வக்கீலிடம் ஒருமுறை உட்கார்ந்து பட்டியல் தயாரித்துக்கொண்டால் மேசையிலேயே முடித்துவிடலாம். போக்சோ சட்டம் 23ஆம் பிரிவுப்படி குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் வரக் கூடாது. அடையாளம் காட்டிவிடக்கூடிய வேறு விவரமும் கூடாது. இந்தக் கடைசிப் பகுதியில்தான் நம் மாவட்டத்தில் தவறு நடக்கிறது. ஒரு சின்னக் கடற்கரை ஊரின் பெயரையும் அப்பாவின் தொழிலையும் குழந்தை படிக்கும் வகுப்பையும் சேர்த்துப் போட்டால் ஊரே தெரிந்துகொள்ளும். எழுதி முடித்ததும் அந்த ஊர்க்காரர் கண்ணால் ஒருமுறை படியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினர் என்றால் அவர் பெயரே குழந்தையைக் காட்டிவிடும். அப்போது மட்டும் வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.

மார்த்தாண்டம், மறுபடியும்: டாக்டர் பார்த்துக் கொடுத்த பிறகு லேஅவுட் பையன் தலைப்பை மாற்றிவிடுகிறான்.

‘இருமலுக்கு உதவலாம்’ என்று டாக்டர் ஒப்புக்கொண்டது தலைப்பில் ‘இருமலை விரட்டும்’ என்று ஆகிவிட்டால் அவர் பார்த்ததற்கே அர்த்தமில்லை. தலைப்பு, படக்குறிப்பு, வாட்ஸ்அப்பில் பகிரும் வரி மூன்றையும் அந்த எண் போட்ட தாளிலேயே சேர்த்து அனுப்புங்கள். ஒப்புதல் வந்த வரிகளுக்கு மஞ்சள் அடித்து லேஅவுட்டுக்குக் கொடுங்கள். மஞ்சளில் கை வைத்தால் அந்த ஒரு வரி மட்டும் டாக்டரிடம் திரும்பப் போகும். இடம் போதவில்லையென்றால் மஞ்சள் இல்லாததைக் குறைக்கட்டும்.

தக்கலை: எங்கள் வக்கீல் எதைக் கொடுத்தாலும் ‘வேண்டாம்’ என்கிறார். சரிபார்த்த டாக்டர் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதிலும் சண்டை.

‘போடலாமா’ என்று கேட்டால் எந்த வக்கீலும் வேண்டாம் என்றுதான் சொல்வார், அது அவருக்குப் பாதுகாப்பு. ‘இந்த வரியில் என்ன ஆபத்து, எப்படி மாற்றினால் குறையும்’ என்று கேளுங்கள். அவர் ஆபத்தைச் சொல்லட்டும், முடிவு ஆசிரியருடையது. பெயர் விஷயத்தில் நான் போடும் பக்கம். பெயர் வரும் என்று தெரிந்தால் டாக்டர் கவனமாகப் படிக்கிறார். ஆனால் அவர் பார்த்தது சில வரிகளை மட்டும், வாசகரோ முழுக் கட்டுரைக்கும் அவர் பொறுப்பு என்று நினைப்பார். ‘மருத்துவத் தகவல்களைச் சரிபார்த்தவர்’ என்று போட்டுப் பார்க்கிறோம். சில டாக்டர்கள் அதற்கும் சம்மதிப்பதில்லை. அவர்களை இதற்காக இழக்க எனக்கு மனமில்லை. இதில் வேறு யாருக்காவது நல்ல வழி கிடைத்திருந்தால் எழுதுங்கள்.