உண்டியலில் விழுந்த காசு எங்கிருந்து வந்தது?

கேள்வி: காசு சேர்த்து விலை உயர்ந்த அகராதி ஒன்றை வாங்கத் துடிக்கும் பள்ளி மாணவனைப் பற்றி நான் எழுதிய சிறுகதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கடைக்காரர் மனம் இரங்கி அகராதியை இலவசமாகவே கொடுத்துவிடும் முடிவைப் படித்து எங்கள் வீட்டில் எல்லோரும் கண் கலங்கினார்கள். உங்களுக்கு மட்டும் என்ன குறை தெரிந்தது?
– ஒரு வாசகர், சென்னிமலை

பதில்: முடிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்தக் காசைப் பார்ப்போம். கதை நடப்பது 1983-இல். அகராதியின் விலை 75 ரூபாய். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஆறே மாதத்தில் அதை முழுவதும் பத்துப் பைசாவாகவே சேர்த்து, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்குப் பேருந்து ஏறுகிறான். 75 ரூபாய்க்கு 750 நாணயங்கள் வேண்டும். அன்றைய அலுமினியப் பத்துப் பைசா ஒன்று இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். விளிம்பு வளைந்து வளைந்து இருந்த அந்த அகலமான நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள், எழுநூற்றைம்பது நாணயங்கள் எந்தப் பையனின் கால்சட்டைப் பையிலும் அடங்கா என்பதை உடனே சொல்லிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், நாளொன்றுக்கு நான்கு நாணயங்களுக்கு மேல் அவனுக்கு எப்படிக் கிடைத்தன என்பது. 'சிறுகச் சிறுகச் சேர்த்தான்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நீங்கள் இருப்பது நெசவூர். பள்ளி விட்டு வந்து, பக்கத்து வீட்டுத் தறிக்கு இராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துக் காசு வாங்கிய பிள்ளைகளை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனி, ஆடியில் வேப்பங்கொட்டை பொறுக்கிக் காயவைத்து விற்ற பிள்ளைகளும் உண்டு. தார் சுற்றினால் மாலை நேரப் படிப்பு போகும். வேப்பங்கொட்டைக்குப் பருவம் முடிந்தால் வரும்படி நின்றுபோகும். கதைக்குத் தேவையான தடைகள் இவையே. இவற்றை விட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடக்கும் தங்கையைக் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது உண்டியல். மண் உண்டியல் என்று எழுதிவிட்டு, அவன் இரவுதோறும் காசை எண்ணிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடைக்காமல் மண் உண்டியலில் உள்ளதை எண்ண முடியாது. தூக்கிப் பார்த்துக் கனத்தைக் கொண்டு ஊகிக்கலாம், அல்லது கவிழ்த்துப் பிடித்து வாயில் ஈர்க்குச்சியை விட்டு ஒவ்வொன்றாக வழித்து எடுக்கலாம். தன் காசைத் தானே திருடுபவனைப் போல ஒரு சிறுவன் அப்படி உட்கார்ந்திருப்பது, நீங்கள் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கும் ஏக்கத்தைவிட அதிகமாகச் சொல்லும்.

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு சில்லறையையும் அவன் எங்காவது நோட்டாக மாற்றியே ஆகவேண்டும். சில்லறைக்கு எப்போதும் தவிக்கும் மளிகைக் கடைக்காரர் மகிழ்ச்சியோடு மாற்றிக் கொடுப்பார். ஆனால் காசாக இருந்தவரை அது பையனுடைய விளையாட்டுச் சேமிப்பு. வீட்டில் யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. ஏழு பத்து ரூபாய் நோட்டும் ஓர் ஐந்து ரூபாய் நோட்டுமாக அது மாறிய அன்றைக்கே வீட்டுப் பணமாகிவிடுகிறது. நூல் வாங்க முன்பணம் கட்டவேண்டிய அப்பாவின் கண்ணில் அது படும். 'அடுத்த வாரம் தந்துவிடுகிறேன், சாமி' என்று அவர் கேட்பார். அவர் கெட்டவரும் இல்லை, பொய் சொல்பவரும் இல்லை. பையன் என்ன செய்வான் என்பதே உங்கள் கதை. நீங்களோ அதன் வாசல்வரை வந்துவிட்டு, பேருந்து ஏறிப் போய்விட்டீர்கள். அந்தப் பேருந்துக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைக்காரர் இலவசமாகக் கொடுப்பதை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுதான். பையன் மாதக்கணக்கில் செய்த வேலை அத்தனையையும் அந்த ஒரு இரக்கம் தேவையற்றதாக்கிவிடுகிறது. உங்கள் வீட்டார் கண் கலங்கியது கடைக்காரரின் பெருந்தன்மைக்காக, கதையோ பையனுடையது. கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கி, ரசீது போட்டு, மீதி இருந்தால் மீதியும் கொடுக்கட்டும். விலை கொடுத்து வாங்கும் ஒருவராக அவனை அவர் நடத்தினால், அதைவிடப் பெரிய மரியாதையை அவரால் செய்ய முடியாது.

இன்னொரு திருத்தமும் உண்டு. அந்தக் கடையை ஈரோடு புத்தகத் திருவிழாவில் வைத்திருக்கிறீர்கள். அத்திருவிழா தொடங்கியது 2005-இல்; 1983-இல் நடக்கும் கதைக்குள் அது வர இடமில்லை. திருவிழாதான் வேண்டுமென்றால் கதையின் காலத்தை மாற்றுங்கள். அப்போது பத்துப் பைசாவும் போய், கடைக்காரர்கள் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயம் வந்து நிற்கும், பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியும் கணக்கில் சேரும். எனக்கு 1983-தான் பிடித்திருக்கிறது. கடையை ஊருக்குள் இருக்கும் சாதாரணப் புத்தகக் கடையாக்கி, அப்பா பணம் கேட்கும் இடத்தை முழுமையாக எழுதி அனுப்புங்கள். மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கிறேன்.