பதினெட்டு நிறையும் மகளுக்கு: இனி உன் கையெழுத்து செல்லும்

கேள்வி: என் அக்கா மகளுக்கு வரும் ஜூன் 12-ம் தேதி 18 வயது நிறைகிறது. அப்பா இல்லாத பிள்ளை. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 80 செண்ட் நிலம் உயில் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. என் அத்தான் இறந்த பிறகுதான் தாத்தா இறந்தார். இப்போது பாட்டி, சித்தப்பா, என் அக்கா, பாப்பா, அவளுடைய 15 வயதுத் தம்பி, இவ்வளவு பேர்தான். 'பதினெட்டு முடியட்டும், பாப்பாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம்' என்று சித்தப்பா வீட்டில் பேசுகிறார்கள். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லி, இனி அவளுக்கு என்ன உரிமை, என்ன பொறுப்பு, எது இன்னும் மாறவில்லை என்று ஒரு கடிதமாகவே எழுதித் தருவீர்களா?
– தாய்மாமா ஒருவர், மன்னார்குடி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

மனமார்ந்த வாழ்த்துகள். ஜூன் 12 பிறந்த நிமிடத்திலிருந்து, அதாவது 11-ம் தேதி நள்ளிரவு தாண்டியதுமே, நீ சட்டத்தின் கண்ணில் மேஜர். நீ பிறந்த நேரம் சாயங்காலமாக இருந்தாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 1875-ம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

அந்த நள்ளிரவில் மாறுவது முக்கியமாக ஒன்றுதான்: உன் கையெழுத்து. 11-ம் தேதி வரை நீ எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது உன்னைக் கட்டாது. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 'அப்போது போட்டாயே, இப்போது ஒத்துக்கொள்' என்று சொல்லி அதற்குப் பின்னால் உயிர் கொடுக்கவும் முடியாது. ஆனால் 12-ம் தேதி முதல் போடும் கையெழுத்து உன்னை முழுதாகக் கட்டும். 'எனக்கு விவரம் தெரியாது, சின்னப் பெண்' என்ற பதில் இனி எடுபடாது. உன் மாமா இந்தக் கடிதத்தைக் கேட்டதற்குக் காரணமும் அதுதான். அதனால் முதலில் நிலத்தைப் பற்றியே பேசிவிடலாம்.

உன் தாத்தா உயில் எழுதாமல் இறந்ததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு பிரியும். பாட்டிக்கு ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு ஒரு பங்கு, முன்பே இறந்துவிட்ட உன் அப்பாவின் கிளைக்கு ஒரு பங்கு. 180 செண்டில் ஆளுக்கு 60 செண்ட். அப்பா கிளைக்கு வரும் 60 செண்டை அம்மா, நீ, தம்பி மூன்று பேரும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 20 செண்ட். பெண் என்பதால் இதில் ஒரு செண்டும் குறையாது. நாளை உனக்குக் கல்யாணம் ஆகிச் சீர் செய்தார்கள் என்பதற்காகவும் குறையாது. பட்டாவில் சித்தப்பா பெயர் மட்டும் ஏறியிருந்தால்கூட உன் பங்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. வாரிசு உரிமையை அது அழிக்காது.

'ஒரு கையெழுத்து' என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். கூட்டாக உரிமை உள்ள சொத்தில் உன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கிறாய் என்பது அதன் பொருள். விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கலாம், நியாயமான தொகை வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். அது உன் இஷ்டம், ஆனால் படித்துப் பார்த்துவிட்டுச் செய்.

படிக்கும்போது மூன்று இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பார். முதலாவது, பிரதிபலன் என்று எழுதியிருக்கும் தொகை. 'மேற்படி தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று வாசகம் இருக்கும். கைக்குப் பணமே வந்திருக்காது. வராத பணத்தை வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், பிறகு வரவில்லை என்று நிரூபிக்கிற பாரம் உன் தலையில் விழும். தொகை எதுவானாலும் வங்கி வழியாக உன் கணக்குக்கு வரட்டும், அந்த விவரமும் பத்திரத்தில் ஏறட்டும். இரண்டாவது, கடைசியில் வரும் சொத்து விவரம். சர்வே எண், பரப்பு, நான்கெல்லை எல்லாம் இந்த ஒரு நிலத்தைத்தான் காட்டுகிறதா என்று பார். 'இதர குடும்பச் சொத்துகள் அனைத்திலும்' என்று ஒரு வரி நுழைந்திருந்தால், நீ பார்த்தேயிராத வீட்டுமனைப் பங்கும் அதோடு போய்விடும். மூன்றாவது, பத்திரத்தின் பெயர். விடுதலை என்று சொல்லிவிட்டு, பொது அதிகாரப் பத்திரத்தை, அதாவது நாம் 'பவர்' என்கிறோமே அதை, நீட்டுவதும் உண்டு. உன் பெயரில் இன்னொருவர் விற்கும் உரிமையைக் கொடுக்கும் தாள் அது. எழுதாத ஸ்டாம்ப் பேப்பரை யார் நீட்டினாலும் தொடவே தொடாதே.

சார்பதிவாளர் அலுவலகத்தில் உன்னைப் போட்டோ எடுப்பார்கள், கைரேகை வாங்குவார்கள், இரண்டு சாட்சிகள் இருப்பார்கள். 'விவரம் தெரிஞ்சுதானே எழுதிக் கொடுக்கிறீங்க?' என்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போது தலையாட்டிவிட்டு வருவதுதான் வழக்கமாக நடக்கிறது. மனமில்லையென்றால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. பதிவு முடிந்துவிட்டால் கதை வேறு. நீயாகப் போய் ரத்து செய்ய முடியாது. ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள். நீ மைனராக இருந்தபோது, உனக்குக் கார்டியனாக அம்மா ஏற்கெனவே ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அம்மாவிடம் நேராகவே கேள், கோபமில்லாமல் கேள். கணவர் போன துக்கத்தில் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்ட தாய்மார்கள் நிறையப் பேர். அதோடு tnreginet.gov.in தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, தாத்தா கிரயம் வாங்கிய வருஷத்திலிருந்து வில்லங்கச் சான்று போட்டுப் பார். மைனரின் அசையாச் சொத்தை இயற்கைக் கார்டியன் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதியிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. ஆனால் அந்த வழக்கை மேஜரான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள், அதாவது உனக்கு 21 ஆவதற்குள், போட்டாக வேண்டும். சும்மா இருந்துவிட்டால் அந்தப் பத்திரமே நிலைத்துவிடும். இந்த 3 ஆண்டு பாதுகாப்பு கார்டியன் போட்ட கையெழுத்துக்குத்தான். 12-ம் தேதிக்குப் பிறகு நீயே போடுவதற்கு இது பொருந்தாது.

தம்பியின் 20 செண்டைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. 'அக்காதான் மேஜராயிட்டாளே, தம்பிக்கும் சேர்த்து நீயே போடும்மா' என்று யாராவது சொன்னால் முடியாது என்று சொல்லிவிடு. அவனுக்கு இயற்கைக் கார்டியன் அம்மாதான். அவரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவன் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது.

சரி, இனி வங்கி. உன் பெயரில் அம்மா கார்டியனாக இருக்கும் சேமிப்புக் கணக்கோ டெபாசிட்டோ இருந்தால், 18 ஆனதும் அம்மாவின் கையெழுத்து அங்கே செல்லாது. உன் ஆதார், பான், போட்டோவோடு போய் மாதிரிக் கையெழுத்துக் கொடுத்துக் கணக்கை உன் பொறுப்பில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை பணம் எடுக்க முடியாமல் வங்கி நிறுத்தி வைக்கும். பலருக்கு இது கல்லூரிக் கட்டணம் கட்டப் போகும் நாளில்தான் தெரிகிறது. மைனர் பான் கார்டில் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது என்பதால் அதற்கும் ஒரு திருத்த விண்ணப்பம் போட்டு வைத்துவிடு. செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் அது 18-ல் முதிர்ந்துவிடாது. தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டு ஓட வேண்டும். படிப்புச் செலவுக்காக முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதிவரை எடுக்கலாம், கல்லூரிச் சேர்க்கைக்கான ஆதாரம் கேட்பார்கள்.

வங்கிக்குப் போன கையோடு கடன் பேச்சும் வரும். தோழிக்கோ சொந்தக்காரருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அவர் கட்டாத அன்றே உன்னிடம் முழுத்தொகையையும் கேட்கலாம். முதலில் அவரைத் துரத்த வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்குக் கிடையாது. கடன் செயலியில் ஓடிபி தட்டுவதும் சில இடங்களில் கையெழுத்துக்குச் சமம்தான்.

வண்டியிலும் ஒரு புதுப் பொறுப்பு இருக்கிறது. உன் பெயரில் ஸ்கூட்டர் வாங்கி, லைசென்ஸ் இல்லாத தம்பி கடைவீதி வரை ஓட்டிப் போய் மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் வண்டி உரிமையாளரான உன்னையும் பிடிக்கும்: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டுவரை சிறை, வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அவனுக்கும் 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

வாக்காளர் பட்டியலுக்கு ஆண்டில் நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. உனக்கு ஜூலை 1 பொருந்தும். படிவம் 6-ஐ voters.eci.gov.in தளத்திலோ உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கொடுக்கலாம். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதால் இன்றைக்கே கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஓட்டுப் போடலாமே தவிர நிற்க முடியாது. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 ஆக வேண்டும்.

கல்யாணத்துக்குப் பெண்ணின் சட்ட வயது 18, மாப்பிள்ளைக்கு 21. 'வயசு வந்தாச்சு' என்று வீட்டில் அவசரப்பட்டால், அது அனுமதிக்கும் வயதே தவிர செய்தே ஆக வேண்டிய வயதில்லை என்று சொல். உன் சம்மதமில்லாமல் யாரும் முடிவு செய்ய முடியாது.

கடைசியாக ஒரு விஷயம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும் உனக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சித்தப்பா பத்திரத்தின் வரைவைக் கொடுத்தால், 'படிச்சுட்டு ஒரு வாரத்துல சொல்றேன் சித்தப்பா' என்று வாங்கிக்கொண்டு, வில்லங்கச் சான்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அங்கே போ. மாமாவையும் கூட்டிக்கொண்டு போ.