மெடிக்கல் யார் கையால் வரவேண்டும்?

அன்புள்ள மிஸ்,

கொழும்பில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சொந்த இடம் பதுளைப் பக்கம். இரண்டு மாதமாக இரவில் நித்திரை இல்லை. விரிவுரை மண்டபத்துக்குள் போனால் நெஞ்சு அடைக்கிறது. ஒரு மிட் எக்ஸாமுக்குப் போகவே இல்லை. இன்னும் மூன்று கிழமையில் செமஸ்டர் எக்ஸாம், ஐந்து பாடம். மாணவர் ஆலோசகரிடம் போகலாம் என்றால் அவர்தான் எங்களுக்கு ஒரு பாடம் படிப்பிக்கிறார். வீட்டுக்குச் சொல்லிவிடுவாரா? என் ஃபைலில் ஏறுமா? எக்ஸாமைத் தள்ளிப்போடக் கேட்கலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

நம் பல்கலைக்கழகங்களில் ‘ஆலோசகர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மாணவர் ஆலோசகர் என்பவர் விரிவுரையாளர். படிப்பிக்கிற வேலையோடு சேர்த்து இந்தப் பொறுப்பையும் அவருக்குக் கொடுத்திருப்பார்கள். விடுதிப் பிரச்சினை, பகிடிவதை, காசுக் கஷ்டம் என்று எல்லாம் அவரிடம்தான் வரும். உளவளத்துணையாளர் அதற்கென்றே பயின்றவர், உங்களுக்குப் புள்ளி போடாதவர். இவர்களோடு மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: மருத்துவ நிலையத்தில் இருக்கும் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி. உங்கள் நிலைமையில் முதலில் பார்க்கவேண்டியவர் அவர்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஆறு வருடம் மாணவர் ஆலோசகராக இருந்தேன். ஒரு பிள்ளை நான்கு தடவை வந்து என் அறையில் இருந்து கதைத்தாள். நாலாக மடித்த ஒரு தாளைக் கையில் வைத்து விரித்து விரித்து மடித்துக்கொண்டே இருப்பாள். எக்ஸாம் நேர அட்டவணை அது. அதில் இரண்டு பாடங்களுக்கு அவள் போகவில்லை. நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்தானே, என் கடிதம் போதும் என்று நினைத்து பீடத்துக்கு எழுதினேன். பீடச் சபை ஏற்கவில்லை. மருத்துவ அதிகாரி பரிந்துரைத்த மெடிக்கல் சான்றிதழ் இல்லை, கொடுக்கவேண்டிய நாளும் கடந்துவிட்டது என்றார்கள். இரண்டு பாடத்தையும் அவள் ரிப்பீட்டாக எழுதினாள். பல பீடங்களில் ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ‘சி’க்கு மேல் கிடைக்காது. ‘ஏ’ எடுத்து நான்கு புள்ளி பெறக்கூடிய பிள்ளைக்கு ‘சி’க்குரிய இரண்டுதான் கிடைத்தது. முதல் நாளே அவளை மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேண்டியது நான். இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது.

அதனால் இதை மனதில் வையுங்கள்: மனம் திறந்து கதைக்க உளவளத்துணையாளர், எக்ஸாம் விஷயத்துக்கு மருத்துவ அதிகாரி. ஒருவர் கடிதம் மற்றவர் கடிதத்துக்கு ஈடாகாது.

திங்கட்கிழமை காலையிலேயே மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். நித்திரை எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது முழிப்பு வருகிறது, நெஞ்சு அடைப்பது எந்தெந்த இடத்தில், எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கண்ணீர் வந்து பேச்சு நின்றுவிட்டாலும் தாளை நீட்டலாம். அன்றைக்கே பதிவாகிற திகதி முக்கியம். எக்ஸாமுக்கு முன்பே தொடங்கிய வருத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி. தேவைப்பட்டால் அவர் தேசிய வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்குக்குக் கடிதம் தருவார். அங்கே காசு இல்லை. கிளினிக் கொப்பியை ஒருநாளும் தொலைக்கவேண்டாம், ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். தனியார் வைத்தியரிடம் காட்டினாலும் அந்த மெடிக்கலைப் பெரும்பாலும் மருத்துவ அதிகாரியின் கையால்தான் பீடம் ஏற்கும்.

அதே நாள் உளவளத்துணையாளரிடமும் நேரம் எடுத்துவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. “உளவளத்துணையாளரைச் சந்திக்கவேண்டும், தமிழில் கதைக்கவேண்டும்” என்ற இரண்டும் போதும். எக்ஸாம் கிட்டும்போது நேரங்கள் நிரம்பிவிடும். யாராவது வராமல் விட்டால் கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்து வாருங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், சிங்களம் தெரிந்த தோழியை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். அவள் நல்லவளாகவே இருக்கட்டும், அவள் முன்னால் உங்களுக்குச் சொல்லமுடியாதவை இருக்கும். வேறு பீடத்தில் தமிழ் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள்.

வீட்டுக்குச் சொல்வார்களா என்ற பயம் எனக்கு விளங்குகிறது. நீங்கள் பதினெட்டு வயது கடந்தவர். உளவளத்துணையாளர் உங்கள் சம்மதம் இல்லாமல் அப்பா அம்மாவுக்குச் சொல்வது அந்தத் தொழிலின் முறைக்கே பிழை. ஆனால் எல்லை உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று கண்டால் அவர் மற்றவர்களைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும். நல்லவர் என்றால் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: “நான் சொல்வதை எழுதி வைப்பீர்களா? அது எங்கே இருக்கும்? யார் திறந்து பார்க்கலாம்?” இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரிடம் மேலே ஒன்றும் சொல்லவேண்டாம்.

மாணவர் ஆலோசகர் விஷயம் வேறு. அவர் கெட்டவர் என்பதல்ல. உங்கள் பெறுபேறு பேசப்படும் மேசையிலேயே அவரும் இருக்கலாம். தெரிந்ததைத் தெரியாததாக்க அவருக்கும் முடியாது. அவரிடம் போனால் “வருத்தம், மருத்துவ நிலையத்தில் காட்டுகிறேன்” என்பதோடு நிறுத்துங்கள். வேறு மாணவர் ஆலோசகரைக் கேட்கவும் உங்களால் முடியும்.

ஃபைலில் ஏறுவது மெடிக்கல்தான், உங்கள் கதை அல்ல. பீட அலுவலகத்துக்குத் தேவை எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்பதும் மருத்துவ அதிகாரியின் பரிந்துரையும். விவரத்தை மருத்துவ நிலையத்திலேயே வைத்துக்கொண்டு பரிந்துரையை மட்டும் அனுப்பமுடியுமா என்று அவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இனி எக்ஸாம். ஒரு பிள்ளைக்காகத் திகதியைத் தள்ளிவைப்பது நம் அரச பல்கலைக்கழகங்களில் வழக்கம் இல்லை. மெடிக்கல் ஏற்கப்பட்டால், அந்தப் பாடம் அடுத்த தடவை நடக்கும்போது முதல் தடவை எழுதுகிறவராகவே எழுதுவீர்கள், ‘சி’ என்ற தடை இல்லை. ஆனால் அந்த அடுத்த தடவை பெரும்பாலும் ஒரு வருடம் கழித்துத்தான், உங்கள் கீழ் பட்ச்சோடு. அதனால் ஐந்துக்கும் கேட்பதா என்று வைத்தியரோடு கதையுங்கள். இரண்டு கிழமை மருந்தும் நித்திரையும் கிடைத்தபின் இரண்டு பாடம் எழுத முடியும் என்று தோன்றினால், அந்த இரண்டை எழுதி மூன்றுக்கு மட்டும் கேட்பது சுமையைக் குறைக்கும். ஒன்றில் கவனம்: மண்டபத்துக்குள் போய் எழுதத் தொடங்கிவிட்டால் பிறகு மெடிக்கல் கேட்பது மிகக் கஷ்டம். உள்ளே இருக்கும்போது முடியாமல் போனால் மேற்பார்வையாளரிடம் சொல்லி, நேரே மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். விடுதிக்குப் போய்ப் படுத்துவிடவேண்டாம்.

போகாமல் விட்ட மிட் எக்ஸாமுக்கும் இந்தக் கிழமையே கடிதம் எழுதுங்கள். நாள் கடந்திருக்கலாம், ஆனாலும் எழுதுங்கள். மெடிக்கல் கொடுக்க எத்தனை நாள் என்பது பீடத்துக்குப் பீடம் வேறு. உங்கள் பீடக் கையேட்டில் பாருங்கள், அலுவலகத்திலும் ஒருதரம் கேளுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் திங்கட்கிழமைவரை இருக்கவேண்டாம். 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். அல்லது அறைத் தோழியை எழுப்பி, பெரியாஸ்பத்திரியின் விபத்துப் பிரிவுக்கு இரவோடிரவாகப் போங்கள்.

மருத்துவ அதிகாரியைப் பார்த்துவிட்டு, அவர் என்ன திகதி போட்டார் என்று எனக்கு எழுதுங்கள். பீடத்துக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.