டிசம்பர் 15-ல் நான் வைத்த குவான்சா

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்கள் கொண்டாடும் குவான்சாவை அறுவடைப் பண்டிகை என்கிறார்கள். அப்படியென்றால் நிலாக் கணக்குப்படி தேதி மாற வேண்டாமா? ஏன் எல்லா வருஷமும் டிசம்பர் 26? கிறிஸ்துமஸுக்குப் போட்டியாக வைத்ததா?

நீங்களும் அமெரிக்காவில் ஏதோ ஓர் அலுவலகத்தில், யாரோ வாழ்த்துச் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் விழித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் விழித்ததோடு நிற்கவில்லை, மானத்தையும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் பண்டிகை நாள்காட்டி போடும் வேலை என் தலையில் விழுந்தது. ("நீங்கள்தான் நிறையப் பண்டிகை கொண்டாடுவீர்களே" என்று மேலாளர் சொன்ன காரணம். அதை அப்புறம் பார்ப்போம்.) 2024-க்கான எக்செல் கோப்பில் யூதர்களின் ஹனுக்கா டிசம்பர் 25 மாலை, குவான்சா டிசம்பர் 26. அடுத்தடுத்த வரி. 2025-க்குத் தேடினால் ஹனுக்கா டிசம்பர் 14 மாலைக்கு வந்திருந்தது. சரி, ரெண்டும் கூடவே நகரும் போலிருக்கிறது என்று நானாக முடிவுகட்டி, குவான்சாவை டிசம்பர் 15-க்கு இழுத்துவிட்டு, எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிட்டேன்.

கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இருக்கிறார், ஓய்வுபெற இன்னும் ரெண்டு வருஷம். கறுப்பினத்தவர். சின்ன வயதிலிருந்தே அவர் வீட்டில் குவான்சா உண்டாம். மெயில் போன பத்தாவது நிமிஷம் என் மேசைக்கு வந்து, "1966-லிருந்து எங்கள் பண்டிகை நகர்ந்ததே இல்லை தம்பி, நீதான் முதல் ஆள்" என்றார். நல்லவேளை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுவடை என்றால் நிலா என்று யார் சொன்னது? பொங்கல் வைக்கிற நாமே அப்படிக் கேட்கலாமா? பயிருக்கு வேண்டியது வெயில். ஹனுக்கா சந்திர மாதத்துத் தேதி, அதனால் நம் தீபாவளி போலவே ஆடும். 2023-ல் தீபாவளி நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைகிறது. அதனால் பண்டிகை பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும், அதிக மாதம் ஒன்று வந்து அதை முன்னே தள்ளும்வரை.

குவான்சா அந்த ரகம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் நிறைந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் நடந்தது 1965 ஆகஸ்டில். மறு வருஷம் அதே ஊரில் கறுப்பின இயக்கத் தலைவர் மவுலானா கரெங்கா இதைத் தொடங்கினார். முதல் குவான்சா 1966 டிசம்பர் 26-லிருந்து 1967 ஜனவரி 1 வரை. 'மதுண்டா யா குவான்சா' என்றால் சுவாஹிலியில் முதல் கனிகள். "அப்போ இது ஒருத்தர் உட்கார்ந்து உருவாக்கினதுதானே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஆமாம், அதை யாரும் மறைக்கவில்லை. எல்லாப் பண்டிகையையும் யாரோ ஒரு நாள் தொடங்கியிருப்பார்கள், இதில் ஆள் யாரென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் என்ன அறுவடை? சிகாகோவில் பனிதான் வாரலாம். அந்தக் காலக்கணக்கு தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பூமத்திய ரேகைக்குக் கீழே டிசம்பர் 21, 22 வாக்கில்தான் வருஷத்திலேயே நீண்ட பகல். புது விளைச்சல் கைக்கு வரும் காலம். ஜூலுக்களின் உம்கோசி என்கிற முதல்கனி விழா இந்தப் பருவத்தில்தான் வரும். அதோடு ஒத்துப்போகட்டும் என்றுதான் இந்த ஏழு நாள் என்பது கரெங்கா சொல்லும் முதல் காரணம். ஏற்கெனவே இருக்கும் விடுமுறைக் காலத்துக்குள் அமைய வேண்டும், ஆனால் கிறிஸ்துமஸ் கடைவீதி இரைச்சல் அடங்கிய பிறகு வர வேண்டும் என்பது இரண்டாவது.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். பக்கத்து ஸ்வாசி மக்களின் இன்க்வாலா விழாவும் முதல்கனி விழாதான், ஆனால் அதில் நிலாவும் உண்டு. நீண்ட பகலை ஒட்டி வரும் பௌர்ணமியைப் பார்த்துத்தான் பெரிய நாளை வைப்பார்கள். அதனால் அது வருஷா வருஷம் மாறும். ஆக, குவான்சா முதல்கனி விழாக்களின் பருவத்தை எடுத்துக்கொண்டது, நிலாவை விட்டுவிட்டது. ஏன் என்பதற்கு என் ஊகம் இது. நிலா பார்த்து நாள் குறிக்க ஒரு ராஜாவோ பெரியவர்களோ வேண்டும், அவர்கள் அறிவித்தால் கேட்க ஓர் ஊர் வேண்டும். அமெரிக்கா முழுக்கச் சிதறிக் கிடந்த மக்களுக்கு 1966-ல் அப்படி யார் இருந்தார்கள்? கோயிலும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. சுவரில் தொங்கும் நாள்காட்டி எல்லோர் வீட்டிலும் இருந்தது.

அந்த நாள்காட்டி சூரியனை ஒட்டித் திருத்தப்படுவது என்பதால், டிசம்பர் 26 எப்போதும் அந்த நீண்ட பகலுக்கு நாலைந்து நாள் தள்ளியே நிற்கும். நம் தை ஒன்று கூட அப்படி நிற்பதில்லை. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி, இப்போது ஜனவரி 14, 15-க்கு வந்துவிட்டது. நாம் நட்சத்திரத்தை வைத்துச் சூரியனை அளக்கிறோம், அதனால் ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் நழுவுகிறது. (பஞ்சாங்கம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், குறை சொல்லவில்லை.)

போட்டியா என்று கேட்டால், தொடக்கத்தில் கரெங்கா கறுப்பின மக்களுக்கு ஒரு மாற்று என்ற தொனியில்தான் பேசினார். பிற்பாடு, யாருடைய மதப் பண்டிகைக்கும் பதிலாக இது இல்லை என்று எழுதிவிட்டார். அந்த அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ் மரமும் இருந்தது, குவான்சா மெழுகுவர்த்தித் தாங்கியும் இருந்தது.

சொல்ல வந்ததில் ஒரு வயிற்றெரிச்சல். குவான்சாவுக்கு அவர் ஒரு நாள் லீவு எடுத்தால் போதும், மீதி நாளில் அலுவலகமே மூடியிருக்கும். தீபாவளிக்கு நான் ஒவ்வொரு வருஷமும் "இந்த முறை என்றைக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே லீவு கேட்க வேண்டியிருக்கிறது. 2024-ல் இங்கே பாதிப் பேர் அக்டோபர் 31, மீதிப் பேர் நவம்பர் 1. எங்கள் வாட்ஸாப் குழுவில் ரெண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ரெண்டு நாளும் லீவு கேட்டதற்கு, உங்களுக்கே தேதி தெரியாதா என்று அதே மேலாளர் கேட்டார். போகட்டும்.

2025 டிசம்பர் 31 இரவு அந்த அம்மா என்னை விருந்துக்கு அழைத்தார். கராமு என்பார்கள். வாசலிலேயே "ஹபாரி கானி?" என்றார். என்ன சேதி என்று அர்த்தம். நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். கூட்டமே சிரித்தது. அன்றைய நாளின் கொள்கையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டுமாம். ஏழு நாளுக்கு ஏழு கொள்கை, முதல் நாள் உமோஜா, அதாவது ஒற்றுமை. ஆறாம் நாளுக்குக் கூம்பா, படைக்கும் திறன். பாயின் மேல் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு மக்காச்சோளக் கதிர். நடுவில் கறுப்பு மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் மூன்று சிவப்பு, மறுபக்கம் மூன்று பச்சை. முதல் நாள் கறுப்பு, அப்புறம் சிவப்பும் பச்சையும் மாறி மாறி நாளுக்கு ஒன்றாகக் கூடும்.

கிளம்பும்போது பார்த்தேன், ஒரு பச்சை மட்டும் ஏற்றாமல் இருந்தது. மறந்துவிட்டார்களோ என்று கேட்டேன்.

"அது நாளைக்கு" என்றார் அந்த அம்மா. "நாளைக்கு உனக்கும் லீவுதானே, வா."